மாதத் தவணை தவறினால் மருத்துவக் காப்பீடு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கும்படி விட்டிருப்பவர்கள் நிறைய. அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாமே இந்தியாவில் இப்போது இருக்கும் விதிகளின்படி, தனிநபரும் குடும்பமும் எடுக்கும் மருத்துவ பாலிசிகளை வைத்துச் சொன்னவை. ஆயுள் காப்பீட்டுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

நேற்று ஆட்டோ டெபிட் ஃபெயில் ஆகிவிட்டதாக மெசேஜ் வந்தது. பாலிசி போய்விட்டதா?

போகவில்லை. தவணைத் தேதிக்குப் பிறகு பணம் கட்ட உங்களுக்குக் கருணைக் காலம் உண்டு. மாதத் தவணை என்றால் 15 நாள். காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணை என்றால் 30 நாள். அதற்குள் கட்டிவிட்டால் பாலிசி இடைவெளி இல்லாமல் தொடர்ந்ததாகவே கணக்கு.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். கம்பெனியின் இணையதளத்திலோ ஆப்பிலோ பாலிசி எண்ணைப் போட்டு, நிலுவைத் தவணையை நீங்களே கட்டிவிடுங்கள். ரசீதில் எந்தத் தவணைக்கான பணம் என்ற விவரமும், பணம் வரவான தேதியும் இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வையுங்கள். கம்பெனி மறுபடி முயற்சி செய்யுமே என்று காத்திருக்க வேண்டாம். சில கம்பெனிகள் இரண்டாவது முறை அனுப்பும், சில அனுப்பாது. அப்படி அனுப்பி ஒரே தவணை இரண்டு முறை போய்விட்டால் பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடலாம். கருணைக் காலம் தாண்டினால் போன நாளைத் திரும்ப வாங்க முடியாது.

கணக்கில் பணம் இருந்ததே! அப்புறம் ஏன் எடுக்கவில்லை?

முதலில் நேரத்தைப் பாருங்கள். பிரீமியம் பிடிக்கும் கோரிக்கைகள் நாச் என்ற முறையில் வங்கிக்குப் போகின்றன. அவை பெரும்பாலும் காலையிலேயே வந்துவிடும். சம்பளம் அன்று மதியம் ஏறினாலும் பயனில்லை. வங்கி விவரப் பட்டியலைத் திறந்தால் சில சமயம் 'ACH' என்று தொடங்கும் ஒரு பற்று, அதே தொகை திரும்ப வரவு, அடுத்த வரியில் திருப்பி அனுப்பியதற்கான கட்டணம் என்று மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். அந்தப் பற்றை மட்டும் பார்த்துவிட்டு 'கட்டியாகிவிட்டது' என்று நினைத்தவர்கள் உண்டு. இன்னொன்று: ஞாயிறு, விடுமுறை என்றால் அடுத்த நாள்தான் எடுப்பார்கள் என்பது பழைய கதை. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் எல்லா நாளும் இயங்குகிறது. முந்தின நாள் மாலையே பணம் கணக்கில் இருப்பது நல்லது.

நேரம் சரியாக இருந்தும் தவறினால், நீங்கள் கொடுத்த ஒப்புதலைப் பாருங்கள். வங்கி ஆட்கள் இதை மேண்டேட் என்பார்கள். அதில் அதிகபட்சத் தொகையும் முடிவுத் தேதியும் இருக்கும். ஒப்புதலில் 2,000 ரூபாய் வரை என்று இருக்கிறது, புதுப்பிப்பில் வயதுப் பிரிவு மாறித் தவணை 2,150 ஆகிவிட்டது என்றால், கணக்கில் லட்ச ரூபாய் கிடந்தாலும் வங்கி திருப்பிவிடும். புதுப்பித்த முதல் மாதத்தில் வரும் தோல்விகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

கார்டு மூலம் கட்டுபவர்களுக்குப் புது கார்டு வந்ததும் பழைய ஒப்புதல் செல்லாமல் போகலாம். யு.பி.ஐ. ஆட்டோபே வைத்திருந்தால், அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஆப்பில் பாருங்கள். இந்த இரண்டு வழியிலும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். காப்பீட்டு பிரீமியத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவையில்லை. 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி இந்த வரம்பை 15,000-லிருந்து உயர்த்தியது. அதற்கு மேல் போனால் ஓ.டி.பி. கொடுக்காமல் பணம் போகாது.

இந்த மாதம் விட்டுப்போனால் என்ன, அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கரண்ட் பில், இ.எம்.ஐ. கட்டிப் பழகியவர்கள் இதையும் அதேபோல நினைக்கிறார்கள். கடன் தவணை தவறினால் கடன் நிற்கிறது, அபராதத்தோடு அடுத்த மாதம் கட்டலாம். காப்பீட்டில் கருணைக் காலம் முடிந்தால் ஒப்பந்தமே முடிகிறது. மாதத் தவணைக்கு அந்தக் காலம் 15 நாள்தான் என்பதையும், அடுத்த ஆட்டோ டெபிட் வர 30 நாள் ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் தேதி 10 என்றால் கெடு 25-ல் முடிந்துவிடும். அடுத்த மாதம் 10-ஆம் தேதி வரும்போது பாலிசி ரத்தாகி இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஆகவே மாதத் தவணைக்காரருக்கு அடுத்த டெபிட் காப்பாற்றாது. நடுவில் கையால் கட்டினால்தான் உண்டு.

காலாண்டுத் தவணைக்காரருக்கு 30 நாள் கிடைக்கிறது, ஆனால் அடுத்த டெபிட் மூன்று மாதம் கழித்துத்தான். அவர்களும் அதை நம்பி இருக்க முடியாது.

கட்டாமல் இருந்த அந்த 15 நாளுக்குள் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் கிளெய்ம் கிடைக்குமா?

இப்போதைய விதிப்படி கிடைக்க வேண்டும். பாலிசி ஆண்டுக்கு நடுவில் தவணையாகக் கட்டுபவர்களுக்குக் கருணைக் காலத்திலும் கவர் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் சொல்லிவிட்டது.

அதற்கு முன்பு நிலைமை நேர் எதிர். தவணைத் தேதியிலிருந்து பணம் வந்து சேரும் நாள் வரை கவர் கிடையாது என்றே பாலிசிகளில் வாசகம் இருந்தது. பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு 'கிடைக்காது' என்று சொல்பவர்கள் அந்த வாசகத்தைத்தான் சொல்கிறார்கள். கிளெய்ம் பிரிவில் யாராவது அதைக் காட்டி மறுத்தால், கடைசியாகப் புதுப்பித்தபோது வந்த பத்திரத்தில் கருணைக் காலம் பற்றிய பகுதியைத் தேடி எடுத்துக் காட்டுங்கள்.

அதற்காக, கவர்தான் இருக்கிறதே என்று கட்டாமல் இருந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே வீட்டில் ஒருவர் நிலுவைத் தவணையைக் கட்டிவிட வேண்டும். சிகிச்சை இழுத்துக்கொண்டே போய்க் கெடு நாள் நடுவில் வந்துவிட்டால், அதுவரை கட்டாத தவணை பெரிய தகராறாகும். கேஷ்லெஸ் அனுமதி கேட்கும்போது பாலிசி நிலுவையில் இருப்பதாகக் கணினியில் காட்டினால் அனுமதியும் தாமதமாகும்.

கிளெய்ம் பாஸ் ஆனது, ஆனால் கட்ட வேண்டிய தேதியே வராத தவணைகளையும் பிடித்துக்கொண்டார்கள். இது சரியா?

சரிதான். தவணை என்பது ஓராண்டு பிரீமியத்தைப் பிரித்துக் கட்டும் வசதி மட்டுமே. கிளெய்ம் வந்ததும் அந்த ஆண்டின் மீதித் தவணைகள் எல்லாம் உடனே கட்ட வேண்டியவை ஆகிவிடும், கம்பெனி அவற்றைக் கிளெய்ம் தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்று தவணைப் பகுதியிலேயே எழுதியிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாலிசி ஆண்டு ஜூன் 10-ல் தொடங்குகிறது, மாதம் 1,850 ரூபாய். மார்ச் 10 தவணை தவறியது, மார்ச் 18-ல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஏற்கப்பட்ட கிளெய்ம் 1,20,000 ரூபாய். மார்ச், ஏப்ரல், மே மூன்று தவணை பாக்கி, ஆக 5,550 ரூபாய். அது போகக் கைக்கு வருவது 1,14,450. அப்புறம் அந்த ஆண்டு முடியும் வரை உங்களிடம் தவணை எடுக்கக் கூடாது. ஆட்டோ டெபிட் நிற்காமல் ஏப்ரலிலும் போகிறதா என்று கண்காணியுங்கள். போனால் திருப்பிக் கேளுங்கள்.

15 நாள் தாண்டிவிட்டது. புதுசாகவே ஒரு பாலிசி எடுத்துக்கொண்டால் போகிறது, இதில் என்ன நஷ்டம்?

கவர் இல்லாத அந்தச் சில வாரங்களைவிடப் பெரிய நஷ்டம், நீங்கள் இதுவரை காத்திருந்த காலம் பூஜ்யமாவது. மருத்துவ பாலிசியில் மூன்று கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏற்கனவே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். கண்புரை, குடலிறக்கம் போலப் பட்டியலிட்ட சில சிகிச்சைகளுக்கான காத்திருப்பும் அதிகபட்சம் 36 மாதம். மூன்றாவது, 60 மாதம் தொடர்ந்து கவர் இருந்துவிட்டால், 'நீங்கள் அன்றைக்கு நோயைச் சொல்லவில்லை' என்று காரணம் காட்டிக் கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது, நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர. மூன்றுக்கும் அடிப்படை, இடைவெளி இல்லாத தொடர்ச்சி.

மேலே சொன்ன அதே தேதிகளும் தவணையும் உள்ள, ஆனால் கிளெய்ம் எதுவும் வராத ஒருவரை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை இருப்பதைச் சொல்லி 2023 ஜூன் 10-ல் பாலிசி எடுத்தார். காத்திருப்பு 36 மாதம், முடிவது 2026 ஜூன் 10. 2026 மார்ச் 10 தவணை தவறும்போது 33 மாதம் ஓடியிருக்கிறது, மூன்றே மாதம் பாக்கி. மார்ச் 22-ல் 1,850 ரூபாய் கட்டியிருந்தால் எதுவும் மாறாது, ஜூனில் சர்க்கரை தொடர்பான சிகிச்சைக்கும் கவர் வந்துவிடும். அவர் மார்ச் 28-ல் கட்டப் போகிறார், பாலிசி ரத்து என்று வருகிறது. ஏப்ரல் 5-ல் புது பாலிசி எடுக்கிறார். சர்க்கரைக்கான காத்திருப்பு இனி 2029 ஏப்ரல் வரை. முதல் 30 நாள் விபத்து தவிர வேறு நோய்க்குக் கவர் இல்லை. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்திருந்த போனஸும் போனது. வயது மூன்று கூடியிருப்பதால் புது விண்ணப்பத்தில் மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், பிரீமியம் ஏறலாம், மறுக்கவும் செய்யலாம். வேறு கம்பெனிக்கு போர்ட் செய்து காத்திருப்பைக் காப்பாற்றவும் வழியில்லை, ஏனென்றால் போர்ட் செய்ய உயிரோடு ஒரு பாலிசி இருக்க வேண்டும்.

ஆகவே ரத்தாகிவிட்டால் புது பாலிசிக்குப் பாய்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு தொடர்ச்சியோடு மீண்டும் அமலாக்கும்படி அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தவறிய காரணத்தையும் ஆதாரத்தையும் இணையுங்கள். இது உங்கள் உரிமை இல்லை, அவர்கள் விருப்பம். ஆனால் மூன்று நாள் தாமதத்தில் கேட்பவருக்கு இருக்கும் வாய்ப்பு மூன்று மாதம் கழித்துக் கேட்பவருக்கு இருக்காது.

தாமதத்துக்கு அபராதம், வட்டி உண்டா?

கருணைக் காலத்துக்குள் கட்டினால் காப்பீட்டுக் கம்பெனி வட்டி கேட்பதில்லை, பாலிசி வாசகமும் அப்படித்தான் இருக்கும். வங்கி மட்டும் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு முறைக்கும் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும். கம்பெனி இரண்டு முறை முயன்றால் கட்டணமும் இரண்டு முறை விழலாம்.

நான் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டுகிறேன். புதுப்பிக்கும் நாளில் ஆட்டோ டெபிட் தவறியது. 30 நாள் இருக்கிறது என்கிறார்கள், கவரும் இருக்குமா?

30 நாள் இருப்பது உண்மை. கவர் இருக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து.

முன்பு சொன்ன கருணைக் காலக் கவர், ஓராண்டு பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் தவறும் தவணைக்கு. உங்கள் நிலைமை அது இல்லை. உங்கள் பாலிசி ஆண்டே முடிந்துவிட்டது, புது ஆண்டுக்கு இன்னும் ஒரு பைசா வரவில்லை. 30 நாளுக்குள் கட்டினால் காத்திருப்புக் காலமும் போனஸும் அப்படியே தொடரும். ஆனால் முடிந்த நாளுக்கும் கட்டிய நாளுக்கும் நடுவே ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அது உங்கள் தலையில்தான். மாதத் தவணைக்காரருக்கும் ஆண்டு முடிந்து புதுப்பிக்கும் முதல் தவணை இதே வகைதான். எனவே 12 தவணையில் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது அந்த ஒன்று. கணக்கு மாற்றுவது, கார்டு மாற்றுவது எதுவாக இருந்தாலும் அந்த மாதத்தில் வேண்டாம்.

பாலிசி ரத்து என்று மெயில் வந்தது. ஆனால் அடுத்த மாதமும் பணம் எடுத்திருக்கிறார்களே. அப்படியானால் கவர் இருக்கிறதுதானே?

பணம் போனது என்பதை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்யாதீர்கள். வங்கியில் கிடக்கும் ஒப்புதலும் பாலிசியும் தனித்தனி. பாலிசி ரத்தானாலும் ஒப்புதல் ரத்தாகாமல் இருந்தால் கோரிக்கை தானாகப் போய்விடும். பிறகு ஏதோ ஒரு நாளில் பணத்தைத் திருப்பிவிடுவார்கள். அதுவரை கவர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எழுத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: 'இந்தத் தேதியில் இந்தத் தொகை எடுத்திருக்கிறீர்கள். பாலிசி இடைவெளி இல்லாமல் அமலில் இருக்கிறதா, முதல் தொடக்கத் தேதி என்ன?' ஆம் என்று பதில் வந்தால் அந்த மின்னஞ்சல் உங்களுக்குப் பத்திரம். இல்லை என்றால் பணத்தைத் திரும்பப் பெறுங்கள். எடுத்த பணத்தை வைத்துக்கொண்டே கவர் இல்லை என்று சொன்னால் அது புகாருக்கு வலுவான காரணம்.

தவறு என் மேல் இல்லை. வங்கியோ கம்பெனியோ செய்த கோளாறு. அப்போதும் பாலிசி போய்விடுமா?

கோளாறு யாருடையது என்பதை வங்கி விவரப் பட்டியலே சொல்லும். தவணை நாளில் கோரிக்கை வந்து திரும்பியதாக வரி இருந்தால், கம்பெனி தன் வேலையைச் செய்திருக்கிறது. காரணத்தை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். பணமும் இருந்து, ஒப்புதலும் சரியாக இருந்து, கோரிக்கை வந்ததற்கான தடயமே இல்லை என்றால் கம்பெனி அனுப்பவே இல்லை என்று பொருள். இது உங்கள் பக்கத்துக்கு நல்ல வாதம். அன்றைய இருப்பு தெரியும் பட்டியல், ஒப்புதலின் அடையாள எண்ணான யு.எம்.ஆர்.என்., அது செயலில் இருப்பதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் போதும்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், 155255 எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். கம்பெனியின் மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். தவறு வங்கியுடையது என்றால் அது ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்குப் போகும் தனிப் புகார். புகார் ஓடிக்கொண்டிருக்கும்போதும் கெடு நாள் நிற்காது, அதனால் தவணையைக் கையால் கட்டிவிட்டே சண்டை போடுங்கள்.

ஆயுள் காப்பீட்டுக்கும் இதே விதியா?

கருணைக் காலம் அதே 15, 30 நாள்தான். அந்த நாட்களுக்குள் இறப்பு நேர்ந்தால் கட்டாத பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு தொகை தருவார்கள். தாண்டினால் பாலிசி காலாவதியாகும், ஆனால் அதோடு முடிவதில்லை. பங்குச்சந்தையோடு இணையாத பாலிசிகளை 5 ஆண்டுக்குள் மீட்டெடுக்கலாம். நிலுவையும் வட்டியும் கட்ட வேண்டும், உடல்நிலை பற்றிக் கேட்பார்கள். மருத்துவக் காப்பீட்டில் இப்படி நீண்ட மீட்புக் காலம் கிடையாது. எல்.ஐ.சி. பழக்கத்தில் 'பிறகு கட்டிக்கொள்ளலாம்' என்று மருத்துவ பாலிசியை விட்டவர்களுக்குத்தான் அதிர்ச்சி அதிகம்.

அப்படியானால் மாதத் தவணையே வேண்டாம், வருஷத்துக்கு மாற்றிவிடலாமா?

மொத்தமாகப் புரட்ட முடிந்தால் மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். ஓராண்டில் 12 முறை தவறக்கூடிய ஒன்று ஒரே முறை ஆகிறது. முடியாதவர்கள் காலாண்டுக்கு மாறினாலும் கருணைக் காலம் இரட்டிப்பாகிறது. பிரீமியம் கட்டும் முறையை வழக்கமாகப் புதுப்பிக்கும்போதுதான் மாற்றுவார்கள், எனவே ஒரு மாதம் முன்பே கேட்டு வையுங்கள்.

மாற்றும்போதும், வேறு வங்கிக்குப் போகும்போதும் வரிசை முக்கியம். புது ஒப்புதல் பதிவாகிச் செயலுக்கு வர சில நாட்கள் பிடிக்கும். புது கணக்கிலிருந்து ஒரு தவணை உண்மையிலேயே போய் ரசீதும் வந்த பிறகு பழைய ஒப்புதலை ரத்து செய்யுங்கள், பழைய கணக்கை மூடுவது அதற்கும் பிறகு. நடுவில் வரும் தவணையை ஆட்டோ டெபிட்டுக்கு விடாமல், தேதிக்கு ஓரிரு நாள் முன்பே கையால் கட்டிவிடுங்கள்.